7(ஏ) என்றால் (a)-வா, (h)-ஆ?

அரிச்சுவடி:

> "சட்டப் பட்டியலைத் தமிழாக்கும்போது (a), (b) எல்லாவற்றையும் தமிழ் எழுத்தாக மாற்றிவிட்டால் போதும். (அ) போட்டாலும் (ஏ) போட்டாலும் படிக்கிறவருக்குப் புரியும். இதற்கெல்லாம் ஒரு விதியா?" (எளியதமிழ், நேற்று எழுதியது)

இதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. போன மாதம் சரிபார்ப்புக்கு ஒரு விநியோக ஒப்பந்தம் என்னிடம் வந்தது. மூலத்தில் 7ஆம் பிரிவில் (a) முதல் (j) வரை பத்து உட்பிரிவுகள். 7(a), பில் வந்த 30 நாளுக்குள் பணம் கட்டுவது. 7(h), இரகசியம் காப்பது. 14ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது: 7(a)-வை மீறினால் 15 நாள் அவகாசம் தரவேண்டும், 7(h)-ஐ மீறினால் அன்றைக்கே ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

7ஆம் பிரிவை மொழிபெயர்த்தவர் நெடுங்கணக்கு வரிசையில் (அ), (ஆ), (இ) என்று ஒழுங்காகப் போட்டிருந்தார். 14ஆம் பிரிவு வேறொருவர் கை. அவர் காதில் விழுந்தபடி (a)-வை (ஏ) என்றும் (h)-ஐ (எச்) என்றும் எழுதிவிட்டார். இப்போது தமிழ்ப் பிரதியில் 7(ஏ)-வைத் தேடிப் போனால் எது கிடைக்கும்? உயிரெழுத்தில் ஏ எட்டாவது. எட்டாவது உட்பிரிவு இரகசியம். ஆக, இரகசியத்தை வெளியே விட்டவனுக்கு 15 நாள் அவகாசம். 7(எச்) என்று ஒன்று பட்டியலிலேயே கிடையாது, அதனால் உடனே முறிக்கும் உரிமை காற்றில் தொங்குகிறது. புரியும் என்றீர்களே, என்ன புரிந்தது?

எளியதமிழ்:

இரண்டு பேர் பேசிவைத்துக்கொள்ளாமல் வேலை செய்தால் எந்த முறையிலும் இப்படித்தான் ஆகும். அதற்கு என்னை ஏன் இழுக்கிறீர்கள்? பேச்சில் எல்லோரும் 'ஏழு ஏ' என்றுதான் சொல்கிறோம். 'ஏழு அ' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஒலிப்படி எழுதினால் பேச்சும் எழுத்தும் ஒன்றாகும். (i)-ஐப் பாருங்கள், ஒலிப்படியும் ஐ, வரிசைப்படி ஒன்பதாவதும் ஐ. பொருந்துகிறதே!

அரிச்சுவடி:

ஐ ஒன்று பொருந்துவது தற்செயல். மற்றதையும் பாருங்கள். (e)-யை ஒலிப்படி (இ) என்று எழுதுவீர்கள். இ மூன்றாவது, அது (c)-யின் இடம். (o)-வை (ஓ) என்பீர்கள். ஓ பதினொன்றாவது, அது (k)-யின் இடம். (a)-வுக்கு (ஏ) என்றால் அது (h)-இன் இடம். எழுத்து இல்லாமல் போனால் படிக்கிறவர் தவறு என்று கண்டுபிடித்துவிடுவார். இங்கே எழுத்து இருக்கிறது, ஆனால் வேறு உட்பிரிவுக்குப் போகிறது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும், ஒலிக்கு ஒலி கூடாது. 7(ஏ) என்றால் (h).

மூலப்பிரதி:

இருவருக்கும் ஒரே பதில்: மாற்றாதீர்கள். (a) என்பது சொல் அல்ல, முகவரி. இதே மாதிரி ஒப்பந்தங்களில் கடைசியில் ஒரு வரி இருக்கும், இரு பிரதிகளுக்கும் முரண் வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று. தகராறு வந்தால் இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். இடது பக்கம் 7(h), வலது பக்கம் 7(ஏ) என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ண வேண்டும். இலத்தீன் எழுத்தை அப்படியே விட்டிருந்தால் அரிச்சுவடியின் மேசையில் அந்த விபத்தே நடந்திருக்காது. 18 வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒரு குறிப்பு கூட இடம் மாறியதில்லை.

அரிச்சுவடி:

18 வருடத்தில் (h)-க்குள் (i) வந்ததே இல்லையா உங்களுக்கு? அதே ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவில் (h)-க்குக் கீழே மூன்று சிறு கூறுகள், ரோமன் எண்ணில். அவை முடிந்ததும் வெளி அடுக்கு (i) தொடங்குகிறது, அது ஒன்பதாவது எழுத்து. மின்னஞ்சலில் ஒட்டியபோது உள்தள்ளல் போய்விட்டது. எல்லாம் ஒரே ஓரத்தில் வந்து நின்றது:

```
(h) (i) (ii) (iii) (i) (j)
```

முதல் (i) ரோமன் ஒன்று, இரண்டாவது (i) எழுத்து. எங்கேயாவது '7(i)' என்று குறிப்பு வந்தால் எதற்குப் போவீர்கள்? எழுதியவரே 7(h)(i) என்று முழுதாக எழுதச் சோம்பியிருக்கலாம் அல்லவா? இதையே வெளி அடுக்கில் தமிழாகவும் உள் அடுக்கில் ரோமனாகவும் வையுங்கள்:

```
(ஏ) (i) (ii) (iii) (ஐ) (ஒ)
```

உள்தள்ளல் போனாலும் எது எந்த அடுக்கு என்று தெரிகிறது. மூலத்தில் இருந்த குழப்பம் கூட மொழிபெயர்ப்பில் தீர்ந்துவிடுகிறது.

மூலப்பிரதி:

மூலத்தில் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்க உங்களை யார் கேட்டார்கள்? '7(i)' இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் மொழிபெயர்ப்பிலும் இரண்டு விதமாகத்தான் இருக்கவேண்டும். நீங்கள் (ஐ) என்று போட்ட நிமிடம் வழக்கறிஞர் செய்யவேண்டிய தீர்மானத்தை நீங்கள் செய்துவிட்டீர்கள். உட்பிரிவா உட்கூறா என்று போன வருடம் நடந்த சண்டையிலும் இதே பழக்கம்தான் உங்களுக்கு.

அரிச்சுவடி:

அந்தச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். அதில் கடைசியில் உட்கூறு என்று எழுதத் தொடங்கியது யார் என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

தட்டச்சுத்தம்பி:

அண்ணன்மார் இருவரும் முடிவு பண்ணிவிடுவீர்கள், அப்புறம் பக்கத்தில் போடுவது நான். வேர்டில் தானியங்கி எண் வடிவங்களில் `hindiVowels` இருக்கிறது, `thaiLetters` இருக்கிறது, தமிழ் எழுத்து வரிசை இல்லை. அதனால் (அ), (ஆ) எல்லாம் கையால் அடிக்கிறோம். குறுக்குக் குறிப்பு தானாக மாறும் வசதி அங்கேயே செத்துவிடுகிறது. (இ)-க்கு முன்னால் ஒரு உட்பிரிவு புதிதாக வந்தால் கீழே உள்ள அத்தனையையும், 14ஆம் பிரிவில் இருக்கும் குறிப்பையும் சேர்த்து நான்தான் திருத்தவேண்டும்.

இணையப் பக்கம் என்றால் பிரச்சினை இல்லை, நாமே வரிசையைச் சொல்லிக்கொடுக்கலாம்:

```
@counter-style uyir {
  system: fixed;
  symbols: "அ" "ஆ" "இ" "ஈ" "உ" "ஊ"
           "எ" "ஏ" "ஐ" "ஒ" "ஓ" "ஔ";
  prefix: "("; suffix: ") ";
}
```

பன்னிரண்டு வரை சரியாக வரும். அதற்கு மேல் (13) என்று எண்ணாகிவிடும். `fixed` இருக்கும் இடத்தில் `alphabetic` என்று எழுதினால் பதின்மூன்றாவது (அஅ) என்று வரும்.

இன்னொன்று. கையால் அடித்த (ஔ)-வில் பாதிப் பேர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் சிக்காது.

மூலப்பிரதி:

இதைத்தான் நானும் சொல்கிறேன். (a) என்று விட்டால் மென்பொருளே எண்ணிக்கொள்ளும்.

சங்கச்செயலாளர்:

நல்ல இழை. எங்கள் சங்கத்தின் விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம், மொழிபெயர்ப்பு இல்லை, நேரடித் தமிழ். உறுப்பினர் கடமைகள் மட்டும் பதினைந்து. ஔ-வுக்குப் பிறகு ஒருவர் (ஃ) போடச் சொல்கிறார், ஒருவர் (க)-விலிருந்து தொடங்கச் சொல்கிறார். உள் அடுக்குக்கு ரோமன் வேண்டாம், தமிழ் எண்களையே போடலாம் என்று நான் முன்மொழிந்தேன். ௧, ௨, ௩ அழகாகவும் இருக்கும் அல்லவா?

அரிச்சுவடி:

அழகு இருக்கட்டும். ௮ என்பது எட்டு. அதைப் பக்கத்தில் (அ)-வோடு வைத்துப் பாருங்கள். ௧-ஐ (க)-வோடு, ௨-ஐ (உ)-வோடு வையுங்கள். நகலெடுத்த நகலில் எது எண், எது எழுத்து என்று சொல்ல முடியாது. உள் அடுக்குக்கு ரோமன் எண் ஏன் என்றால் அது எந்தத் தமிழ் எழுத்தோடும் குழம்பாது. (ஃ) வேண்டாம், சின்ன எழுத்தில் மூன்று புள்ளி கறை மாதிரித் தெரியும். (க), (ங), (ச) என்று போங்கள். ஆனால் உங்கள் கேள்வி வேறு. உங்களுக்கு மூலம் இல்லை, பொருத்திப் பார்க்க (h) இல்லை. இங்கே பேச்சு 7(ஏ)-வைப் பற்றி.

சங்கச்செயலாளர்:

தமிழ் எண்ணைக் கறையோடு ஒப்பிடுவது வருத்தமாக இருக்கிறது.

அரிச்சுவடி:

கறை என்றது ஆய்த எழுத்தை. அதுவும் அச்சில் தெரியும் விதத்தை.

எளியதமிழ்:

பார்த்தீர்களா, ஆய்தத்தையும் விடவில்லை. 7(ஏ) என்றால் மக்களுக்கு (a) தான். நூறு பேரிடம் கேளுங்கள்.

அரிச்சுவடி:

நூறு பேரிடம் எதற்கு, பட்டியலிடம் கேளுங்கள். பட்டியல் (அ)-வில் தொடங்கினால் அதில் (ஏ) எட்டாவது. பட்டியலே (ஏ), (பி), (சி) என்று தொடங்கினால் உங்கள் பேச்சுக்கு வருகிறேன். ஒரே ஆவணத்தில் இரண்டும் கூடாது என்பதுதான் என் வாதம். நான் சரிபார்க்கும் விதம் இதுதான்: முழு ஆவணத்தையும் வெறும் உரையாகச் சேமிப்பேன், அப்போதுதான் தானாக வந்த எண்களும் எழுத்தாக மாறித் தேடலில் சிக்கும். பிறகு அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் தேடிப் பட்டியலில் எத்தனையாவது என்று மூலத்தோடு ஒப்பிடுவேன். அந்த ஒப்பந்தத்தில் அப்படி 31 குறிப்புகள். ஆறு தவறு. ஆறும் ஒலிப்படி எழுதியவை.

மூலப்பிரதி:

இலத்தீனை விட்டிருந்தால் 31-ஐயும் தேடும் வேலையே இல்லை.

அரிச்சுவடி:

கையால் அடித்த (b) கூட (d) ஆகும். தேடாமல் 18 வருடம் ஓட்டியிருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

மூலப்பிரதி:

தேடவில்லை என்று நான் சொல்லவே இல்லை. வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

தட்டச்சுத்தம்பி:

ஒரு அவசரம். இன்று காலை அதே மாதிரி ஒரு ஆவணத்துக்குத் திருத்தம் வந்திருக்கிறது. (a)-வுக்கும் (b)-க்கும் நடுவே (aa) என்று ஒன்றைச் செருகச் சொல்கிறார்கள். அரிச்சுவடி அண்ணன் முறைப்படி (அஅ) என்று போடுகிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் பதின்மூன்று உட்பிரிவு, பதின்மூன்றாவதும் ஏற்கெனவே (அஅ). மாலைக்குள் அனுப்பவேண்டும். எதை மாற்றுவது?

மூலப்பிரதி:

(aa) என்றே விடு தம்பி.

அரிச்சுவடி:

பதின்மூன்றாவதை (க) ஆக்கு. முதலில் அந்தப் பதின்மூன்றாவதைச் சுட்டும் குறிப்பு வேறெங்கே இருக்கிறது என்று தேடு.

எளியதமிழ்:

(ஏஏ) என்று போட்டால் யாருக்கும் புரியும்.

அரிச்சுவடி:

ஏ எட்டாவது!