16 வாங்கினவன் 18 வாங்கினவங்களைத் தாண்டிட்டான், ராஷ் கணக்குல எங்கே தப்பு? (உதவி)

கரும்பலகை8
அவசரம், திங்கள்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கு. எட்டாம் வகுப்பு கணக்குத் தேர்வு, 30 கேள்வி, நாலு விடையில சரியானதைத் தேர்ந்தெடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் 1 மார்க். வெறும் மொத்த மார்க்கோட நிறுத்தாம கேள்வியோட கஷ்டத்தையும் சேர்த்துப் பிள்ளையோட திறனைக் கணிக்கிற ராஷ் முறையில போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க. R மென்பொருள்ல TAM பேக்கேஜ் வச்சு ஓட்டினேன். ரெண்டு குழப்பம்.

ஒண்ணு, ஒரு பொண்ணும் பையனும் ஆளுக்கு 18. அந்தப் பொண்ணு கஷ்டமான கேள்வி பலதைச் சரியா போட்டுட்டு சுலபமானதுல விட்டிருக்கா. பையன் நேர் எதிர். ஆனா ரெண்டு பேருக்கும் theta, அதாவது திறன் அளவு, 0.31. கஷ்டமானதைப் போட்டதுக்கு மதிப்பே இல்லையா?

ரெண்டு, இன்னொரு பையன் வாங்கினது 16தான். அவனுக்கு 0.74! மார்க் குறைஞ்சவனுக்குத் திறன் கூடவா? மென்பொருள்ல ஏதாவது கோளாறா?

நெல்லை_எக்செல்
எத்தனை பிள்ளைங்க எழுதினாங்க, என்ன மாடல் போட்டீங்க, எதையுமே சொல்லலியே சார். ஆனாலும் ரெண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். ஐ.ஆர்.டி.ல, அதாவது ராஷ் மாதிரியான மாடல்கள்ல, கஷ்டமான கேள்விக்கு வெயிட் கூட. அந்த 16 பையன் கஷ்டமானதா பார்த்துப் போட்டிருப்பான், அதான் மேல போயிட்டான்.

பழைய_லாஜிட்
மாதம் ஒருமுறை இதே தவறான விளக்கம் இங்கே வந்துவிடுகிறது. கஷ்டமான கேள்விக்குத்தான் எடை கூடுதல் என்றால், முதல் குழப்பத்தில் உள்ள இருவருக்கும் ஒரே 0.31 எப்படி வந்தது? கேட்டவர் எழுதியதைக் கடைசிவரை படித்துவிட்டுப் பதில் சொல்லலாமே.

ராஷ் மாடலில் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை. டென்மார்க்கின் கணிதவியலர் கேயோர்க் ராஷ் 1960-ல் தம் புத்தகத்தை வெளியிட்டபோதே இதன் அடிப்படை அதுதான்.

நெல்லை_எக்செல்
சரி ஒத்துக்கிறேன். அப்ப 2பிஎல் போடச் சொல்லுங்க, அதுல வெயிட் இருக்குல்ல.

புள்ளிக்கோலம்
2பிஎல்-லயும் கஷ்டத்துக்கு எடை இல்லைங்க. தெரிஞ்ச பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் ஒரு கேள்வி எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறதோ அதற்குத்தான் எடை. சுலபமான கேள்வியும் நன்றாகப் பிரிக்கலாம், மிகக் கஷ்டமான கேள்வி எல்லாரையும் குருட்டாம்போக்கில் அடிக்கவைத்து எதையுமே பிரிக்காமல் போகலாம். இந்தப் பெயர்க்குழப்பம் நிறைய பேருக்கு உண்டு.

கரும்பலகை சார், பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஓட்டின வரிகளும் வேண்டும்.

கரும்பலகை8
84 பேர், ரெண்டு செக்‌ஷன் சேர்த்து. எல்லாருக்கும் ஒரே தாள். 1 / 0 போட்டு வச்சிருக்கேன். ஓட்டினது இவ்வளவுதான்:

```r
library(TAM)
d <- read.csv("mark8.csv")[, -1]
m <- tam.mml(d)
w <- tam.wle(m)
```

வட்டப்பாதை
நாலு விடையில ஒண்ணுன்னா குத்துமதிப்பா அடிச்சே கால்வாசி வாங்கலாம். அந்தக் குத்துமதிப்பையும் கணக்குல எடுக்கிற 3பிஎல் மாடல் போட்டாதான் சரியா வரும். டிம்ஸ்ங்கிற சர்வதேச கணக்கு, அறிவியல் ஆய்வுல இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அதைத்தான் போடுறாங்க.

பழைய_லாஜிட்
அங்கே ஆயிரக்கணக்கில் மாணவர்கள். இங்கே 84. கேள்விக்கு மூன்று எண் என்றால் 90 எண்களை 84 பிள்ளைகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைப்பது கணிப்பு அல்ல, சத்தம். இந்த அளவுக்கு ராஷே போதும், அதிலும் ஒவ்வொரு கேள்வியின் கடினமும், திறனையும் கடினத்தையும் அளக்கும் லாஜிட் என்ற அலகில், கால் லாஜிட், அதற்கு மேலும் ஆடும்.

ஷிஃப்ட்2_அப்பா
இதே பிரச்சினைதான் எங்க பையனுக்கும்! ஜே.இ.இ. மெயின்ல அவனைவிடக் குறைஞ்ச மார்க் வாங்கினவனுக்குப் பர்சென்டைல் கூட. ராஷ் போட்டதாலதான் இப்படியா? எங்க முறையிடணும்?

பழைய_லாஜிட்
அது ராஷே இல்லை. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனித்தனித் தாள், அந்தந்த ஷிஃப்டுக்குள் உங்கள் மகனுக்குச் சமமாகவோ கீழேயோ மார்க் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் பேர் என்று பார்க்கிறார்கள். கஷ்டமான தாள் வந்த ஷிஃப்டில் குறைந்த மார்க்கும் மேலே போகும். தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.

புள்ளிக்கோலம்
முதல் குழப்பத்தை முதலில் முடித்துவிடுவோம். ரெண்டே கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுலபம் (கடினம் −1 லாஜிட்), ஒன்று கஷ்டம் (+1). திறன் 0 உள்ள பிள்ளை சுலபமானதைச் சரியாகப் போட வாய்ப்பு 0.73, கஷ்டமானதை 0.27. ஆக "சுலபம் சரி, கஷ்டம் தப்பு" வர வாய்ப்பு 0.73 × 0.73, சுமார் 0.53. தலைகீழாக வர 0.27 × 0.27, சுமார் 0.07. முதலாவது 7.4 மடங்கு சகஜம்.

இப்போது திறன் +1 உள்ள பிள்ளையை எடுங்கள். சுலபமானதுக்கு 0.88, கஷ்டமானதுக்கு 0.50. பெருக்கிப் பாருங்கள், 0.44-க்கு 0.06. மறுபடி அதே 7.4 மடங்கு. எந்தத் திறனை எடுத்தாலும் இந்த விகிதம் அசையாது. அப்படியென்றால், ஒரு மார்க் வந்தது எந்தக் கேள்வியில் என்ற தகவலை வைத்துப் பிள்ளை கெட்டிக்காரியா இல்லையா என்று சொல்ல முடியாது. கஷ்டமானதைப் போட்டதால் ஏறுவது சுலபமானதை விட்டதால் அப்படியே இறங்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டு 18-க்கும் ஒரே எண். மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது.

ஆனால் அந்தப் பெண்ணின் விடைமுறை அபூர்வமானது என்பது உண்மை. அவள் தாளை எடுத்துப் பாருங்கள். அவசரத்தில் விட்டாளா, பதிவு பண்ணும்போது வரி மாறிப்போனதா, பக்கத்துத் தாளைப் பார்த்தாளா என்பதையெல்லாம் theta சொல்லாது.

ரெண்டாவதுக்கு ஒரே ஒரு விஷயம் வேண்டும். w-வைத் திறந்து அந்த 16 பையனின் வரியில் N.items என்ற பத்தியில் என்ன இருக்கிறது?

கரும்பலகை8
22. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் 30. ஏன்?

புள்ளிக்கோலம்
கிடைத்துவிட்டது. அவன் 8 கேள்வியைத் தொடவே இல்லை, நீங்களும் பதிவில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். read.csv காலிக் கட்டத்தை NA என்று எடுத்துக்கொள்ளும். TAM-க்கு NA என்றால் "இந்தக் கேள்வியை இவனிடம் கேட்கவே இல்லை" என்று பொருள். ஆக அவனுக்கு 16/30 இல்லை, 16/22.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். எல்லாக் கேள்வியும் ஒரே கடினம் என்று வைத்துக்கொண்டு, சரியானதைத் தப்பானதால் வகுத்து இயல் மடக்கை எடுங்கள். 18 சரி, 12 தப்பு என்றால் ln(18/12) = 0.41. 16 சரி, 6 தப்பு என்றால் ln(16/6) = 0.98. காலியைத் தப்பு என்று எண்ணினால் ln(16/14) = 0.13. முந்தினவன் பின்னால் போய்விட்டான் பாருங்கள்.

உங்கள் திரையில் வந்த 0.31, 0.74 இதோடு அப்படியே பொருந்தாது. TAM-ல் சும்மா ஓட்டினால் பூச்சியம் என்பது வகுப்பின் சராசரித் திறன். அதனால் எண்ணைப் பார்க்காமல் இடைவெளியைப் பாருங்கள். கையில் 0.57, உங்களுக்கு 0.43. குறைந்ததற்குக் காரணம், அவன் விட்டது பெரும்பாலும் கஷ்டமான கேள்விகளாக இருக்கும். மிஞ்சிய 22-ம் சுலபம் என்பதை மாடல் கணக்கில் எடுத்திருக்கிறது.

முதலில் எங்கெங்கே காலி என்று பாருங்கள், பிறகு நிரப்புங்கள்:

```r
colSums(is.na(d))
d[is.na(d)] <- 0
```

வட்டப்பாதை
ஒரு நிமிஷம். காலியை எல்லாம் 0 ஆக்குறது நியாயமா? கடைசி 8 கேள்விக்கு நேரமே பத்தலைன்னா, நீங்க அளக்கிறது அவனோட கணக்கை இல்ல, அவனோட வேகத்தை.

பழைய_லாஜிட்
நேரத்துக்குள் எழுதுவதும் தேர்வின் ஒரு பகுதிதான். NA-வாக விட்டால் தெரியாத கேள்வியை எல்லாம் காலியாக விடுபவனுக்கு லாபம். தெரிந்த ஐந்தை மட்டும் எழுதி ஐந்தும் சரி என்றால் அவன் வகுப்பின் முதல் மாணவனா?

வட்டப்பாதை
நடுவுல விட்டதை 0 போடுங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. கடைசியில வரிசையா விட்டது வேற. அதையும் 0 போட்டா அந்தக் கேள்விகள் நிஜத்துல இருக்கிறதைவிடக் கஷ்டம்னு கணக்காகும். அடுத்த வருஷம் அதே கேள்வியை முன்னாடி வச்சா திடீர்னு "சுலபமாயிடும்".

புள்ளிக்கோலம்
ரெண்டு பேர் சொல்வதும் ஒரே கேள்விக்கான பதில் இல்லை. டிம்ஸில் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கேள்வியின் கடினத்தைக் கணிக்கும்போது, எட்டாமல் போன கடைசிக் கேள்விகளை "கேட்கப்படாதவை" என்று விடுகிறார்கள். பிள்ளைக்கு மதிப்பெண் போடும்போது அவற்றையே தப்பு என்று எண்ணுகிறார்கள். TAM-ல் அதைச் செய்ய, கடைசியில் விட்டவை மட்டும் NA-வாக ஒரு கோப்பு (d_na), எல்லாக் காலியும் 0-வாக இன்னொன்று (d0):

```r
m1 <- tam.mml(d_na)
m2 <- tam.mml(d0, xsi.fixed = m1$xsi.fixed.estimated,
              beta.fixed = FALSE)
w2 <- tam.wle(m2)
```

கேள்விகளை அடுத்த ஆண்டும் பயன்படுத்தப்போவதில்லை என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், 0 போட்டு ஒருமுறை ஓட்டினாலே போதும்.

பழைய_லாஜிட்
நேர்மையாகச் சொன்னால் அந்த ஒருமுறையும் வேண்டாம். காலி இல்லாத ஒரே தாள் என்றால் ராஷில் ராங்க் மாறவே மாறாது, மொத்த மார்க்கின் வரிசைதான் வரும். பெற்றோர் கூட்டத்தில் theta எதற்கு?

நெல்லை_எக்செல்
அப்ப இவ்வளவு நேரம் எதுக்குப்பா பேசினோம்.

புள்ளிக்கோலம்
வரிசை மாறாது, இடைவெளி மாறும். மறுபடி எல்லாக் கேள்வியும் ஒரே கடினம் என்று வைத்தால், 15-லிருந்து 16-க்குப் போக 0.13 லாஜிட். 28-லிருந்து 29-க்குப் போக 0.73. நடுவில் ஏறின ஒரு மார்க்கும் உச்சியில் ஏறின ஒரு மார்க்கும் ஒன்றில்லை. போன தேர்வைவிட எவ்வளவு முன்னேறினான் என்று சொல்ல நினைத்தால் இது தேவைப்படும். ஆனால் அதற்கு இரண்டு தாளிலும் பொதுவான சில கேள்விகள் இருக்க வேண்டும். ராங்க் கார்டுக்கு மட்டும்தான் என்றால் பழைய_லாஜிட் சொல்வதுதான் சரி.

கரும்பலகை8
0 போட்டு ஓட்டிட்டேன். 18-க்கு 0.36, அந்தப் பையனுக்கு 0.06. சரியாயிடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

புள்ளிக்கோலம்
நல்லது. பக்கத்தில், கணிப்பு எவ்வளவு ஆடும் என்று காட்டும் error பத்தியையும் பாருங்கள். 30 கேள்விக்குச் சுமார் 0.4 இருக்கும். 0.36-க்கும் 0.06-க்கும் உள்ள வித்தியாசம் அதைவிடச் சின்னது. இந்த ஒரு தேர்வை வைத்து அந்த இருவரில் யார் மேல் என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள்.

வட்டப்பாதை
அந்த 8 கேள்வி கடைசியில வரிசையா விட்டதா, நடுவுல அங்கங்க விட்டதா? colSums என்ன காட்டிச்சு சார்?

வட்டப்பாதை
சார்?