ரீஸ்டார்ட் முதலிலா, பதிவு முதலிலா?

முன்வரிசை: நெட் வரவில்லை என்ற புகார் டிக்கெட்டை மேலே அனுப்பும் முன் இவ்வளவு விவரம் கேட்டு ஒரு பட்டியல் எதற்கு? ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சரியாகாவிட்டால் நெட்வொர்க் டீமுக்குத் தள்ளுங்கள். அவ்வளவுதான்.

கம்பிக்காரன்: அந்த ரீஸ்டார்ட்டால்தான் எனக்கு மூன்று நாள் போச்சு. ஒரே மாடியில் சிலருக்கு மட்டும் நெட் வராது. டிக்கெட்டில் 'ரீஸ்டார்ட் செய்தோம், சரியானது' என்றே எழுதியிருந்தது. மறுநாள் வேறு நாலு பேர் அழைப்பார்கள். நாலாம் நாள் ஒருவர் எதையும் தொடாமல் இதை எடுத்து அனுப்பினார்:

```
ipconfig /all > %TEMP%\net.txt
arp -a >> %TEMP%\net.txt
```

அதில், கணினிக்கு முகவரி வழங்கும் சர்வர் எது என்று காட்டும் DHCP Server வரியில் 192.168.0.1. எங்கள் சர்வரோ 10.20.0.5. யாரோ வீட்டு ரவுட்டரைச் சுவரிலுள்ள பாயின்ட்டில் செருகியிருந்தார்கள், அதுவும் முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. arp தந்த அந்த ரவுட்டரின் மேக் முகவரியை சுவிட்ச் அட்டவணையில் தேடினேன், போர்ட் கிடைத்தது. பத்து நிமிட வேலை.

முன்வரிசை: ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது என்று நீங்களே சொல்கிறீர்கள்!

கம்பிக்காரன்: சரியாகவில்லை ஐயா, தப்பித்தது. இரண்டு சர்வரில் எது முந்திப் பதில் தருகிறதோ அதன் முகவரிதான் கிடைக்கும். நம்முடையது முந்தினால் தடயமும் சேர்ந்து போச்சு. முதலில் பதிவு, பிறகு ரீஸ்டார்ட்.

ராத்திரி ஷிஃப்ட்: எங்கள் பிரிண்டரும் இப்படித்தான், அணைத்துப் போட்டால் ஓடும். அதற்கும் இந்தக் கட்டளைதானா?

கம்பிக்காரன்: பிரிண்டரைப் பற்றி யார் பேசினார்கள்?

நடுநிலை: ஸ்கிரீன்ஷாட் போதுமே.

கம்பிக்காரன்: ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் வருவதெல்லாம் பாதியில் வெட்டுப்பட்ட படம், DHCP Server வரி இருக்காது. மேக் முகவரியைப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் ஒரு எழுத்துப் பிழை போதும், தேடல் வீண். இன்னொன்று: 'ஏதாவது மாற்றினீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் 'இல்லை' என்பார்கள். 'கடைசியாக எப்போது வேலை செய்தது, பக்கத்து இருக்கைக்கு வருகிறதா' என்று கேளுங்கள்.

முன்வரிசை: வரிசையில் இருபது பேர் காத்திருக்கும்போது இதையெல்லாம் நீங்கள் வந்து கேளுங்களேன். போன மாதம் என் டிக்கெட்டை 'விவரம் போதாது' என்று ஒற்றை வரியில் திருப்பியதும் உங்கள் ஆட்கள்தானே? என்ன விவரம் என்று சொல்ல விரல் வலித்ததா?

நடுநிலை: அது நியாயமான கேள்வி. டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டிருந்தால் அந்த ரவுட்டர் முகவரியே கொடுத்திருக்க முடியாது. அது யார் வேலை?

கம்பிக்காரன்: அந்த மாடியில் இருந்தது பழைய சுவிட்ச், அந்த வசதி கிடையாது. பேச்சை மாற்றாதீர்கள். ரீஸ்டார்ட்டுக்கு முன் இரண்டு வரி கட்டளை. முடியுமா, முடியாதா?

முன்வரிசை: முதலில் ரீஸ்டார்ட். அப்புறம் பார்க்கலாம்.

ராத்திரி ஷிஃப்ட்: பிரிண்டருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.