உப்புக்கோடு: சாஸ் பாட்டில் லேபிளுக்கு ஒரு சொல் வேண்டும்

கதிரேசன், கொழிஞ்சாம்பாறை

குழுவினர்க்கு வணக்கம்.

கடைக்கு வருகிற வாட்ஸப் படங்களில் பாதி பாட்டில் படங்கள்தான். மிளகாய் சாஸ், மிளகாய் விழுது, செஷ்வான் சட்னி என்று வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் அனுப்புகிறார்கள். கேள்வி நாலே நாலு. காரம் எப்படி, வினிகர் தூக்கலா, உப்பு எவ்வளவு, இனிக்குமா? பாட்டில் என் கையில் இருக்காது. படத்தில் தெரிகிற நிறமும் லேபிளும்தான் ஆதாரம். இதற்காகத் தமிழில் ஒரு அட்டவணை போட்டு வருகிறேன். அதில் ஒரு இடத்துக்குப் பெயர் இல்லாமல் நிற்கிறது.

போன வாரம் வந்த ஒரு பாட்டிலின் சேர்மானம் இது: தண்ணீர், சர்க்கரை, சிவப்பு மிளகாய் (15%), உப்பு, பூண்டு, கெட்டியாக்கி (INS 1422), அமிலம் (INS 260), INS 415, பதனப்பொருள் (INS 211), நிறம் (INS 160c). INS எண்கள் உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான குறியீடுகள். ஊட்டச்சத்துக் கட்டத்தில் 100 கிராமுக்கு சேர்த்த சர்க்கரை 19 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம்.

சர்க்கரை நேராகவே கிடைத்துவிட்டது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு, அதாவது 5 கிராம். சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆகவே பட்டியலில் உப்புக்கு முன்னால் வருகிற எதுவும் 5 கிராமுக்குக் குறையாது. பின்னால் வருகிற எதுவும் 5-ஐத் தாண்டாது. அளவே போடாத பொருளுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

இந்தப் பிரிக்கிற இடத்துக்கு 'உப்புக்கோடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் உப்பு உப்புதான் என்பதால் இந்த ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ரெஜினா, சித்தூர் (பாலக்காடு)

கதிரேசன் அண்ணா, நல்ல சொல்! என் வீட்டுக் காந்தாரி மிளகாய் பாட்டிலிலும் இந்த உப்புக்கோடு விழுந்திருக்கிறது. வினிகரில் ஊறப்போட்டு ஒரு மாதம் ஆனதும் மூடிக்குக் கீழே வெள்ளையாக ஒரு வளையம். துடைத்தாலும் திரும்ப வருகிறது. படம் இணைத்திருக்கிறேன். கெட்டுப்போனதா, சாப்பிடலாமா?

இளங்கோ

பாருங்கள், இதுதான் சிக்கல். உப்புக்கோடு என்றதும் சுவரில் உப்புப் பூத்த கோடும் ஜாடி விளிம்புமே கண்ணில் வருகின்றன. 'உப்புவரை' என்று வைக்கலாம். வரை என்றால் எல்லை, கோடு இரண்டுமே. அழகாகவும் இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கணக்கையே நான் நம்பவில்லை. INS 211 என்பது சோடியம் பென்சோயேட். அதிலும் சோடியம் இருக்கிறதே? இரண்டரையால் பெருக்கினால் எல்லாவற்றையும் உப்பென்று எண்ணிவிடுவோம். அடித்தளமே ஆட்டம் காணும்போது அதற்குப் பெயர் எதற்கு?

முருகையா, நகரி

எங்கள் பக்கம் இவ்வளவு கணக்கு கிடையாது. வீட்டில் பழமிளகாய்ப் பச்சடி இடிப்போம். தெலுங்குக்காரர்கள் பண்டு மிரபகாய பச்சடி என்பார்கள். பழுத்த மிளகாய், புளி, கல்லுப்பு, அவ்வளவுதான், வினிகர் கிடையாது. நன்றாகச் சிவந்து கருஞ்சிவப்பாக இருந்தால் காரம் சுள்ளென்று இருக்கும், வெளிறினால் சப்பென்று இருக்கும். படத்தில் நிறத்தைப் பார்த்தாலே போதும். அட்டவணையில் 'நிறக்காரம்' என்று ஒரு கட்டம் போடுங்கள் தம்பி.

மீனாட்சி, பாலக்காடு

கதிரேசா, முருகையா அண்ணனின் 'நிறக்காரம்' கட்டத்தை மட்டும் தயவுசெய்து போடாதே. உணவு ஆய்வகத்தில் மிளகாய்த் தூளோடு மல்லுக்கட்டியே எனக்கு முடி நரைத்தது.

மிளகாயின் சிவப்பு கேப்சாந்தின் போன்ற நிறமிகளால் வருவது. உறைப்பு கேப்சைசினால் வருவது, அதற்கு நிறமே கிடையாது. அது உண்டாவதும் சிவந்த தோலில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் உள்ளே உள்ள வெள்ளைச் சதையில். இரண்டும் ஒன்றோடொன்று போக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. பியாடகி மிளகாயைப் பாருங்கள், குங்குமம் மாதிரி நிறம் தரும், காரம் குறைவு. நிறத்துக்காகவே அதை வாங்குகிறார்கள். குண்டூர் சன்னம் அதைவிட எவ்வளவோ உறைக்கும். ரெஜினாவின் காந்தாரி வெளுத்த பச்சையாகத்தான் இருக்கும். படத்தைப் பார்த்துச் சப்பென்று இருக்கும் என்று எழுதினால் வாங்கியவர் உங்களைத் தேடி வருவார்.

அண்ணன் வீட்டுப் பச்சடியில் நிறம் சரியாகச் சொல்கிறது என்றால், ஒரே ஊர் மிளகாயை ஒரே கை இடிக்கிறது என்பதுதான் காரணம். வெவ்வேறு கம்பெனி பாட்டில்களை ஒப்பிட அது உதவாது.

கதிரேசன் சொன்ன பாட்டிலில் இன்னொரு பொறி இருக்கிறது. INS 160c என்பது மிளகாயிலிருந்தே எடுக்கிற நிறச் சாறு. பெயரில் மிளகாய் இருந்தாலும் சேர்ப்பது நிறத்துக்காக, காரத்துக்காக அல்ல. 15 சதவீதம் மிளகாயும் 19 கிராம் சர்க்கரையும் உள்ள சாஸுக்கு அந்தச் சிவப்பு தானாக வந்திருக்காது. படத்தில் நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான், அதுவும் பழமையை. கழுத்துப் பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தால் காற்றும் வெளிச்சமும் பட்டிருக்கிறது. நிறம் போன வேகத்தில் காரம் போகாது. மஞ்சள் குண்டு பல்பின் கீழ் எடுத்த படமென்றால் இதைக்கூடச் சொல்ல முடியாது, எல்லா பாட்டிலும் பழுப்பாகத்தான் தெரியும்.

காரக் கட்டத்தில் மிளகாயின் பெயரும் சதவீதமும் லேபிளில் இருந்தால் எழுது. இல்லையென்றால் 'தெரியாது' என்று எழுது.

ரெஜினா, உன் கேள்வி வேறு. அந்த வளையம் கரகரவென்று இருந்து தண்ணீரில் கரைந்தால் உப்பு. பஞ்சு மாதிரியோ ஏடு மாதிரியோ இருந்தால் கொட்டிவிடு. படத்தை வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இளங்கோ

அக்கா, சோடியம் பென்சோயேட் பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மீனாட்சி

வருகிறேன். 100 கிராம் சாஸில் 0.1 கிராம் பென்சோயேட் போட்டாலும் அதில் சோடியம் சுமார் 16 மில்லிகிராம்தான். 2000-த்தில் 16. கோடு அசையாது.

ஆனால் உங்கள் சந்தேகம் வேறு பாட்டிலில் சரியாகிவிடும். செஷ்வான் சட்னியில் சோயா சாஸ் இருக்கும், சோடியம் உள்ள சுவைகூட்டியான INS 621 இருக்கும். அங்கே சோடியத்தில் கணிசமான பங்கு உப்பு என்ற சொல்லுக்கு வெளியிலிருந்து வருகிறது. கணக்கு 5 கிராம் என்று சொன்னாலும் உப்பாகக் கொட்டியது 3 கிராமாக இருக்கலாம். அப்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். உப்புக்குப் பின்னால் வருகிறவை 5-க்குள்தான் என்பது அப்போதும் உறுதி, ஏனென்றால் அவை அந்த 3-ஐயே தாண்டாது. முன்னால் வருகிறவை 5-க்குக் குறையாது என்பதுதான் உடைந்துவிடுகிறது. கோடு என்றால் இரண்டு பக்கமும் பிரிக்க வேண்டும். இது கீழே இருப்பதை மட்டும் மூடுகிறது. அதற்கு 'உப்புக்கூரை' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வினிகர் விஷயத்திலும் கோட்டை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். கதிரேசனின் பாட்டிலில் INS 260 உப்புக்குப் பின்னால் இருக்கிறது, எனவே 5-க்குள். சரிதான், ஆனால் உபயோகமில்லை. INS 260 என்பது அசிட்டிக் அமிலமே, ஒரு சதவீதம் போட்டாலே நல்ல புளிப்பு. வினிகரில் அந்த அமிலம் நாலைந்து சதவீதம்தான், மீதி தண்ணீர். ஒரே புளிப்புள்ள இரண்டு சாஸில் ஒன்று 'வினிகர்' என்று பட்டியலின் மேலே எழுதும், மற்றொன்று 'INS 260' என்று கடைசியில் எழுதும். இடத்தை மட்டும் பார்ப்பவர் முதலாவது புளிக்கும், இரண்டாவது புளிக்காது என்று சொல்லிவிடுவார்.

கோடு உண்மையிலேயே வேலை செய்யும் பாட்டில் டபாஸ்கோ. அமெரிக்க லேபிளில் மூன்றே பொருள்: வினிகர், சிவப்பு மிளகாய், உப்பு. ஒரு டீஸ்பூனுக்கு, அதாவது 5 மில்லிக்கு, சோடியம் 35 மில்லிகிராம். 100 மில்லிக்கு 700, உப்பாக 1.75 கிராம். மீதி 98-ஐ இரண்டு பொருள் பங்கு போடுகின்றன, வினிகர் முதலில் நிற்கிறது. ஆகவே பாட்டிலில் ஏறக்குறையப் பாதிக்குக் குறையாமல் வினிகர். சாப்பிட்டவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் லேபிளே சொல்கிறது பாருங்கள்.

கதிரேசன்

நன்றி அக்கா. டீஸ்பூன் என்றதும் நினைவு வந்தது. எங்களுக்கு வருகிற படங்களில் அடிக்கடி நடக்கிற தவறு அங்கேதான். சில லேபிளில் 100 கிராமுக்கு ஒரு வரிசையும் ஒரு பரிமாறலுக்கு ஒரு வரிசையும் இருக்கும். பாட்டில் வளைவில் இடது பாதி மறைந்து, பரிமாறல் வரிசை மட்டும் படத்தில் விழும். மேலே சொன்ன பாட்டிலிலேயே 15 கிராம் பரிமாறலுக்கு சோடியம் 300 என்று இருந்தது. அதை 100 கிராம் என்று நினைத்தால் உப்பு 0.75 கிராம் ஆகிவிடும், பூண்டு அதற்கும் கீழே என்று எழுதிவிடுவோம். உப்பு முக்கால் சதவீதம் என்று ஒரு மிளகாய் சாஸ் சொன்னால் நான் முதலில் வரிசையைத்தான் சந்தேகப்படுகிறேன். வாடிக்கையாளரிடம் பாட்டிலைத் திருப்பி இரண்டு படம் எடுக்கச் சொல்கிறேன், ஃப்ளாஷ் இல்லாமல்.

சொல்லைப் பொறுத்தவரை, சோடியம் உப்பிலிருந்து மட்டும் என்றால் உப்புக்கோடு, சோயாவோ 621-ஓ இருந்தால் உப்புக்கூரை. இரண்டையும் அட்டவணையில் போட்டுவிடுகிறேன்.

இளங்கோ

ஒரே கருத்துக்கு இரண்டு சொல் வைப்பதை நான் ஏற்கவில்லை. என் வாக்கு இன்னும் உப்புவரைக்கே. தவிர, வெளிநாட்டு லேபிளில் 'பின்வருபவை 2 சதவீதத்துக்குக் குறைவு' என்று ஒரு வரி வருமே, அதற்குப் பிறகு வரிசையே கிடையாது. உப்பு அந்த வரிக்குப் பின்னால் இருந்தால்?

மீனாட்சி

அப்போது கோடும் இல்லை, கூரையும் இல்லை. உப்பின் அளவு தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பதைப் பற்றி எதுவும் தெரியாது. இது நல்ல கேள்வி, அட்டவணைக் குறிப்பில் சேர்.

முருகையா

சரி, நிறம் வேண்டாம். சோயா சாஸ் பட்டியலில் உப்புக்குப் பின்னால் வந்தால் கோடா கூரையா? நகரியில் விற்கிற ஒரு செஷ்வான் பாட்டிலில் அப்படித்தான் இருக்கிறது, சோடியம் அதே 2000.

மீனாட்சி

அண்ணா, இதை எதிர்பார்க்கவில்லை. சோயா உப்பைவிடக் குறைவு என்பது உறுதி. சோயா சாஸில் உப்பு தாராளமாக 20 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சேர்த்த உப்பும் அதில் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்து 5 கிராம். சேர்த்த உப்பு 4.16-க்குக் குறையாது, 5-ஐத் தாண்டாது. முன்னால் இருப்பவை 4.16-க்குக் குறையாதவை, பின்னால் இருப்பவை 5-ஐத் தாண்டாதவை. 621 இல்லாதவரை இது சரி. கோடு கொஞ்சம் தடித்துவிட்டது, ஆனால் கோடுதான். தடித்த கோட்டுக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் இளங்கோவைக் கேளுங்கள்.