கண் மருத்துவமனைக்கு மகளை மதியமே அழைத்துப்போக வேண்டும்: பள்ளிக்கு எப்படி எழுதுவது?

மதுரைப்பெண், லெஸ்டர்

வணக்கம். நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. மகள் மூன்றாம் ஆண்டு, மகன் முதலாம் ஆண்டு, இருவரும் ஒரே பள்ளி. வரும் செவ்வாய்க்கிழமை மதியம் 2.15க்கு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு மகளை வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் 35 நிமிடம் ஆகும். பள்ளி விடுவதோ 3.20க்கு.

நேற்றிரவு உட்கார்ந்து எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, மகளுக்கு எப்போது தலைவலி வந்தது, கரும்பலகை எப்போதிலிருந்து மங்கலாகத் தெரிகிறது என்றெல்லாம் சொல்லி, அரைநாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். முக்கால் பக்கம் வந்தது. கணவர் படித்துவிட்டு, "கலெக்டருக்கு மனுவா?" என்று கேட்டார். தலைமையாசிரியர் ஒரு பெண்மணி என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

யாருக்கு, எப்போது, எவ்வளவு எழுத வேண்டும்? மகனை 3.20க்கு அழைத்துவர வேறு ஆள் இல்லை. அவனையும் சேர்த்தே கேட்டுவிடலாமா?

குமார்

காய்ச்சல் என்றால் கடிதமே வேண்டாம். காலையில் பள்ளி தொடங்கும் முன் போன் செய்து சொன்னால் போதும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். குழந்தை சீக்கிரம் குணமாகட்டும்.

பர்மிங்காம் அப்பா

கவனம் சகோதரி. இங்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் 80 பவுண்டு அபராதம், தாய்க்குத் தனி, தந்தைக்குத் தனி. உங்கள் குடும்ப மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி இணைக்காமல் அனுப்பாதீர்கள்.

ஆபீஸ் அக்கா, லண்டன்

பயமுறுத்தாதீர்கள் தம்பி. நான் ஒன்பது வருடமாக ஒரு தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்தக் கடிதங்களைத் தினமும் நான்தான் பிரிக்கிறேன்.

அபராதம் இருக்கிறது, ஆனால் அது இதற்கல்ல. 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே கணக்கு: அனுமதியில்லாமல் பத்துப் பள்ளி வாரத்துக்குள் பத்து அரைநாள் விடுபட்டால்தான் அபராதத்தைப் பற்றிப் பள்ளி யோசிக்க வேண்டும். முதல் முறை 160 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 80. முன்கூட்டியே கேட்டு, பள்ளி ஒப்புக்கொண்ட மருத்துவ நேரம் இதில் சேராது. மருத்துவரின் சான்றிதழும் வேண்டாம், அதற்குக் கட்டணம்கூடக் கேட்பார்கள். மருத்துவமனை அனுப்பிய தேதிக் கடிதத்தையோ குறுஞ்செய்தியையோ படமெடுத்து இணைத்தால் போதும்.

இனி உங்கள் விஷயம் தங்கச்சி. வருகைப் பதிவு இங்கே நாளுக்கு இரண்டு தடவை: காலை தொடக்கத்தில் ஒன்று, மதிய வேளையில் ஒன்று. உங்கள் பள்ளியில் இரண்டாவது பதிவு எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள்.

மதுரைப்பெண், லெஸ்டர்

பள்ளியின் பக்கத்தில் பார்த்தேன் அக்கா. சாப்பாடு 12.15 முதல் 1.10 வரை, பிறகு உடனே பதிவு. நான் 12.15க்கே போய் அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

ஆபீஸ் அக்கா, லண்டன்

அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். 12.15க்கு அழைத்துப்போனால் மதியப் பதிவில் அவள் இருக்க மாட்டாள். திரையில் அந்தக் கட்டத்தில் `M` என்று போடுவோம். மருத்துவத்துக்காக அனுமதித்த விடுப்பு என்று பொருள். அபராதம் வராது, ஆனால் அந்த அரைநாள் வராத நாளாகத்தான் அவளுடைய வருகைச் சதவீதத்தில் ஏறும். 1.10க்குப் பெயர் கூப்பிட்டபின் 1.25க்கு அழைத்துப்போனால், வந்திருந்தாள் என்றே `\` விழும். 2.15க்கு முன்னால் உங்களுக்கு ஐம்பது நிமிடம் இருக்கிறது, பஸ்ஸுக்குப் போதும். தேவைக்கு மேல் ஒரு பாடமும் போகக் கூடாது என்பதுதான் பள்ளியும் எதிர்பார்ப்பது.

எழுத வேண்டியது இவ்வளவுதான். ஆங்கிலத்திலும் இதே நீளம் போதும்:

"அலுவலகத்துக்கு வணக்கம். மூன்றாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்கு (முழுப் பெயர், வகுப்பு) வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.15க்கு மருத்துவமனையில் கண் பரிசோதனை. மதியப் பதிவு முடிந்ததும் 1.25க்கு வரவேற்பில் வந்து நானே அழைத்துச்செல்ல அனுமதி வேண்டுகிறேன். அன்று அவள் திரும்ப வரமாட்டாள். மருத்துவமனைக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். நன்றி."

தலைவலிக் கதை வேண்டாம். நாங்கள் தேடுவது எந்தப் பிள்ளை, எத்தனை மணி, யார் வருகிறார்கள், திரும்ப வருமா என்பதை மட்டும். "மதியம் அழைத்துப்போகிறேன்" என்று மட்டும் எழுதுகிறவர்கள்தான் எங்களை அலைய வைப்பார்கள். பன்னிரண்டும் மதியம், இரண்டும் மதியம்!

ஸ்கார்பரோவிலிருந்து

நான் இருப்பது கனடா, விதி வேறு. ஆனால் ஒன்று சொல்கிறேன். மகனின் பல் வைத்தியத்துக்கு அழகாகக் கடிதம் எழுதி அவன் பையில் வைத்து அனுப்பினேன். பத்து மணிக்கு நான் போய் நின்றால் அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. அன்று வகுப்புக்கு வந்தவர் மாற்று ஆசிரியர். பிள்ளைகள் உடற்பயிற்சிக்காக வெளியே இருந்தார்கள். கூப்பிட்டு, சட்டை மாற்றி, பனிக்காலணி போட்டு வெளியே வர 25 நிமிடம். பல் மருத்துவர் வேறு நாள் கொடுத்துவிட்டார். கடிதம் மூன்று வாரம் கழித்து வாழைப்பழத் தோலோடு பையின் அடியில் கிடைத்தது.

ஆபீஸ் அக்கா, லண்டன்

எல்லா நாட்டிலும் இதே கதைதான். பையில் வைக்காதீர்கள். அலுவலக மின்னஞ்சலுக்கோ, பள்ளி செயலி வைத்திருந்தால் அதிலோ இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அனுப்புங்கள், பதிலும் வரட்டும். செவ்வாய் காலை வாசலில் ஆசிரியரைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கணவர் வருவதானால் அவர் பெயர் அழைத்துச்செல்வோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பாவே வந்தாலும் உங்களுக்குப் போன் செய்த பிறகுதான் விடுவோம்.

இரு கண்ணாடிப் பிள்ளைகளின் தந்தை

திரும்ப வரமாட்டாள் என்று அக்கா எழுதியது சரி. கண் பிரிவில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். விட்டபின் அரைமணி நேரம் காக்க வேண்டும், அதன் பிறகுதான் பரிசோதனை. வெளியே வரும்போது வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். என் சின்னவளுக்கு மறுநாள் காலையிலும் புத்தகம் சரியாகத் தெரியவில்லை. அதனால் புதன்கிழமை படிக்கச் சிரமப்படலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். தொப்பி எடுத்துப் போங்கள்.

பர்மிங்காம் அப்பா

சரி, சான்றிதழ் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஆனால் எங்கள் பள்ளியில் கேட்டார்களே?

ஆபீஸ் அக்கா, லண்டன்

அடிக்கடி விடுப்பு எடுத்து, காரணத்தில் சந்தேகம் இருந்தால் ஆதாரம் கேட்பார்கள். உங்கள் வீட்டில் எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை தம்பி.

மகன் விஷயம்: அக்காவின் மருத்துவ நேரம் தம்பிக்குக் காரணமாகாது. ஒரே கடிதத்தில் இருவரையும் கோர்க்காதீர்கள், மகளுடையதும் சேர்ந்து இழுபடும். பள்ளி முடிந்தபின் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் கிளப் இருந்தால் அன்று ஒரு நாள் மட்டும் இடம் கேளுங்கள்.

குமார்

நான் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன். என் மனைவி மட்டும், இரண்டாவது பதிவு முடிந்துவிட்டால் தம்பியையும் கூட்டிப்போனால் என்ன என்கிறாள்.

ஆபீஸ் அக்கா, லண்டன்

கட்டத்தில் விடுப்பு என்று விழாது என்பது உண்மை. அனுமதிப்பது தலைமையாசிரியரின் கையில். எங்கள் அம்மையார் விடமாட்டார், பக்கத்துப் பள்ளியில் விடுகிறார்கள்.

மதுரைப்பெண், லெஸ்டர்

ஆறு வரியில் அனுப்பினேன். அரைமணியில் பதில்: "நன்றி. 1.25க்கு வரவேற்பில் கோட்டுடன் காத்திருப்பாள்." கிளப்புக்குத் தனியாக எழுதினேன், செவ்வாய் நிரம்பிவிட்டதாம். எதிர்வீட்டுக் குஜராத்தி அம்மாவிடம் கேட்கப் போகிறேன். அவர் பெயர் பட்டியலில் இல்லை, நாளை அதற்கு ஒரு கடிதம்.