கலைச்சொல்: திருப்பிச் சொல்லக் கேட்கும் ‘சொரி’க்குத் தமிழ் என்ன?

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். குரலால் பதில் வாங்கும் தொலைபேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். மூன்று வரிகள் இடிக்கின்றன.

```
apology = "Sorry."
interrupt = "Excuse me,"
ask_repeat = "Sorry?"
```

முன்பு செய்தவர் மூன்றுக்கும் ‘மன்னிக்கவும்’ என்றே போட்டுவிட்டார். என் அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். கணக்கு இலக்கத்தைச் சொன்னார், செயலி ‘மன்னிக்கவும்’ என்றது. சரிவராது போல என்று வைத்துவிட்டார். அது திருப்பிச் சொல்லத்தான் கேட்டது! மூன்றாவதற்குத் திரைவரி ஒன்றும், சொற்கோவைக்குப் பெயர் ஒன்றும் வேண்டும்.

புதுக்கடை, சட்டத்தரணி:
சொரி என்றாலும் பார்டன் என்றாலும் மன்னிப்புத்தானே. அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையில் ஜனாதிபதிக்கு உள்ளதும் அந்த அதிகாரம்தான். புதுச்சொல் எதற்கு?

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை:
ஐயா, அது தண்டனையை நீக்கும் மன்னிப்பு. தங்கச்சி கேட்பது காதில் விழாததற்கு.

பஸ்ஸில் ஒருவரின் காலை மிதித்த பிறகு சொல்வது சொரி. மிதிக்காமல் கடந்துபோக வழி கேட்கும்போது, அதாவது செயலுக்கு முன்னால், எக்ஸ்கியூஸ் மீ. பேச்சின் நடுவே நுழையவும் அதுதான். ஆனால் சொரியைக் குரல் ஏற்றிச் சொன்னால் ‘என்ன சொன்னனீங்கள்?’ என்று அர்த்தம். பார்டனும் அப்படியே. அமெரிக்கர் எக்ஸ்கியூஸ் மீயையும் ஏற்றிச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள். எழுத்தில் அந்த ஏற்றத்தைக் காட்டுவது கேள்விக்குறி மட்டுமே. அதைக் கவனிக்காததால் வந்த வினை இது. தமிழில் ‘மன்னிக்கவும்’ என்பதைக் குரல் ஏற்றிச் சொன்னாலும் யாரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள். பெயருக்கு ‘மீள்கேட்பு’ என்று வைக்கலாம்.

தெமட்டகொடை, வங்கி ஊழியர்:
சிங்களத்தில் ‘சமாவென்ன’ ஒன்றே போதுமே. எங்கள் கவுண்டரில் பிழை விட்டவரும் அதைத்தான் சொல்கிறார், வரிசைக்கு நடுவே வந்து கேள்வி கேட்பவரும் அதைத்தான் சொல்கிறார். ‘மன்னிக்கவும்’ அப்படி நிற்காதா?

கொட்டாஞ்சேனை:
முதல் இரண்டுக்கும் நிற்கும் தம்பி. ‘மன்னிக்கவும், ஒரு விஷயம்’ என்று கூட்டத்தில் குறுக்கிடுகிறோம்தானே. ஆனால் காதில் விழாவிட்டால் சிங்களம் பேசுபவர்களும் ‘ஆயெத் கியன்ன’ என்று சொல்லித்தான் திருப்பிக் கேட்பார்கள்.

புதுக்கடை:
இப்போது விளங்குகிறது. ஆனாலும் ‘மீள்கேட்பு’ என்றால் வழக்கை மறுபடி கேட்பது போல என் காதில் விழுகிறது. கேட்டல் என்பது செவியால் கேட்பதா, வினவுவதா? ‘மீள்கூறக் கோரல்’ தெளிவு.

வெள்ளவத்தை:
ஐயா சொல்லும் அந்த இரட்டைப் பொருளுக்காகவே திரைவரியில் ‘கேட்கவில்லை’ என்பதைத் தவிர்க்கிறேன். ‘நான் ஒன்றும் கேட்கவில்லையே’ என்றும் படிப்பார்கள். இப்படி வைக்கிறேன்: ‘விளங்கவில்லை. கணக்கு இலக்கத்தைத் திருப்பிச் சொல்லுங்கள்.’ எதைத் திருப்பிச் சொல்வது என்று தெரிந்தால் அம்மா வைக்கமாட்டார். குறுக்கீட்டுக்கு ‘ஒரு நிமிடம்’. மன்னிப்பு உண்மையான பிழைக்கு மட்டும்.

பெயருக்கு ‘மீள்கூறக் கோரல்’ நீளமாகப் படுகிறது, ‘மீள்கேட்பு’ம் மனதில் ஒட்டவில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கோ.