அரிவாளணு ‘ட்ரெயிட்’: நோயில்லாதவரை நோயாளி ஆக்காத ஒரு சொல் வேண்டும்

வளர்மதி, ஈரோடு

அன்புள்ள குழுவினருக்கு,

மாத இதழ் ஒன்றுக்காக மரபியல் ஆய்வாளர் ஆந்தனி அலிசனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கென்யாவில் வளர்ந்தவர். 1949இல் அங்கே பல இனக்குழுக்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தார். மொம்பாசாக் கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அரிவாள் வடிவம் கொள்ளும் சிவப்பணு நிறையப் பேரிடம் இருந்தது. நடுவிலிருந்த குளிர்ந்த மேட்டுநிலத்தில் மிகவும் குறைவு. மலேரியாவின் வரைபடமும் அதேதான் என்பது அவருக்குப் புலப்பட்டது. 1954இல் அதை விரிவாக வெளியிட்டார்.

தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் மரபணுவைப் பெற்று, நலமாக வாழ்பவரை எப்படி அழைப்பது என்பதில் நின்றுவிட்டேன். இந்த நிலையைத்தான் ஆங்கிலத்தில் ‘ட்ரெயிட்’ என்கிறார்கள். முதல் வரைவில் ‘அரிவாளணு நோய்க்கடத்திகளுக்குக் கடும் மலேரியா வருவது அரிது’ என்று எழுதியிருந்தேன். அடுத்த வரியிலேயே ‘மலேரியாவின் நோய்க்கடத்தி அனாபிலஸ் கொசு’ என்று வருகிறது. படித்துப் பார்த்த என் அம்மா, “இவர்களும் கொசுவைப் போல நோயைப் பரப்புகிறவர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தச் சொல்லை வைத்திருக்க மனம் வரவில்லை. ‘நோய்தாங்கி’ என்றால் நலமானவரும் நோயாளி ஆகிவிடுகிறார். ‘அரிவாளணுப் பண்பு’ என்றால் குணத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

கபிலன், மதுரை

வளர்மதி அக்கா, நோயைத் தொடாமல் நன்மையைச் சொல்லிப் பெயரிடலாமே. ‘காப்பரிவாள்’ என்பது என் பரிந்துரை. மலேரியா இவர்களை அண்டாது. அலிசனே சோதித்திருக்கிறார்: லுவோ இன ஆண்கள் 30 பேருக்கு மலேரியாக் கிருமியைச் செலுத்தியதில், அரிவாள் மரபணு இல்லாத 15 பேரில் 14 பேருக்குத் தொற்றியது, இருந்த 15 பேரில் 2 பேருக்கு மட்டுமே. ஒரு மரபணுவுக்கே இவ்வளவு காப்பு என்றால், இரண்டு இருப்பவரை ‘இரட்டைக் காப்பரிவாள்’ எனலாம்.

மருத்துவர் இராசேந்திரன், கோயம்புத்தூர்

தம்பி கபிலன், எண்கள் சரி. ஆனால் அந்தச் சோதனையை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது. அவர்கள் வளர்ந்த ஆண்கள். சிறுவயது முதல் மலேரியாவோடு பழகியவர்கள். பின்னாளில் ஊர்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அரிவாள் மரபணு ஒன்று உள்ள குழந்தைகளுக்கும் கொசு கடித்தால் கிருமி புகுவது தெரிந்தது, காய்ச்சலும் வருகிறது. ஆனால் மூளையைத் தாக்கும் மலேரியாவும் உயிரைப் பறிக்கும் சோகையும் பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. ‘அண்டாது’ என்று எழுதினால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தாய் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லாமல் இருந்துவிடுவாள்.

‘இரட்டைக் காப்பு’ இன்னும் ஆபத்தானது. இரண்டு மரபணுவும் அரிவாளாக வாய்த்த குழந்தைக்கு மண்ணீரல் சிறுவயதிலேயே கெட்டுவிடும். இரத்தமும் ஏற்கெனவே குறைவு. அந்தக் குழந்தைக்கு மலேரியா வந்தால் மற்ற குழந்தைகளைவிட எளிதில் இறந்துபோகும்.

காப்பு எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். மலேரியாக் கிருமி தான் புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டும் புரதம் ஒன்றைக் கொண்டுபோய் வைக்கும். அந்த ஒட்டலால்தான் அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கின்றன. அரிவாள் ஹீமோகுளோபின் கலந்த அணுவில் அந்தப் புரதம் மேற்பரப்புக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. உயிர்வளி குறைந்த இடுக்குகளில் கிருமியின் வளர்ச்சியும் நின்றுபோகிறது. வளைந்த அணுவை மண்ணீரல் பிடித்து அழித்துவிடுகிறது. இவற்றில் எது முதன்மை என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

தேவகி, லண்டன்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே தாதியாக வேலை செய்கிறேன். பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி எடுக்கும் இரத்தப் பொட்டிலேயே இந்நாட்டில் அரிவாளணுவைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நைஜீரியாவிலும் கானாவிலும் இருந்து வந்த தாய்மாருக்கு முடிவை எடுத்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. கடிதத்தின் முதல் வரியில் நோயின் பெயரைக் கண்டதும் அழத் தொடங்கிவிடுவார்கள். நான் ஒரு விரலைக் காட்டி “ஒன்றுதான், இரண்டல்ல” என்று சொன்ன பிறகுதான் மூச்சு வரும். அதனால் ‘ஒற்றை அரிவாள்’, ‘இரட்டை அரிவாள்’ என்று எண்ணிக்கையையே பெயராக்கலாம் என்பது என் எண்ணம்.

மருத்துவர் இராசேந்திரன்

தேவகி அம்மா சொல்வது சரியான பாதை. ஒரு விரல் காட்டாமல் போனதால் நேர்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1952இல் இரத்த ஆய்வாளர்கள் லேமானும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாளணுவைக் கண்டு எழுதினார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே மலையில் நான் முகாம்களுக்குப் போனேன். கரைசல் சோதனை எளிது. குழாயில் உள்ள கரைசலில் ஒரு சொட்டு இரத்தத்தை விட்டு, கோடு போட்ட தாளின் முன் பிடிக்க வேண்டும். கோடுகள் தெரிந்தால் அரிவாள் இல்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் இருக்கிறது. ஆனால் ஒரு மரபணு இருந்தாலும் கலங்கும், இரண்டு இருந்தாலும் கலங்கும். பிரித்தறிய, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே அளந்து காட்டும் மின்புலப் பிரிப்போ எச்பிஎல்சி சோதனையோ வேண்டும்.

ஒரு முகாமில் கலங்கிய குழாயை மட்டும் பார்த்துவிட்டு, பணியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணின் சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த சோதனைக்கு யாரும் அழைத்துப் போகவில்லை. அவள் நலமாகத்தான் இருந்தாள். ஆனால் நோயாளி என்று கூலி வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். பிறகு திருமணமானது, கணவனுக்குச் சோதனையே செய்யவில்லை. அவனுக்கும் ஒரு மரபணு இருந்தது. இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதத்தில் கைகளும் கால்களும் பொம்மையின் கைகால்போல் பளபளவென்று வீங்கின. தொட்டால் வீறிட்டது. அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தடவியிருக்கிறார்கள். அதுதான் இந்த நோயின் முதல் அடையாளம். பிறந்தபோது இருக்கும் கருவின் ஹீமோகுளோபின் வடிந்த பிறகுதான் அது வெளியே வரும். அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “எனக்கு இருந்ததே இவனுக்கும் இருக்கிறதென்றால், நான் ஏன் படுக்கவில்லை?” சீட்டில் இருந்த ஒரே சொல் இருவரையும் ஒன்றாக்கிவிட்டது.

வளர்மதி அம்மா, உங்கள் கட்டுரைக்கு ஒரு கணக்கு. மலேரியா மிகுந்த ஊர் ஒன்றில் பத்தில் ஒரு மரபணு அரிவாள் என்று வையுங்கள். நூறு குழந்தை பிறந்தால் 81 பேருக்கு அரிவாள் இல்லை. 18 பேருக்கு ஒன்று. ஒரு குழந்தைக்கு இரண்டு. மருத்துவம் இல்லாத காலத்தில் அந்த ஒரு குழந்தை பிழைக்காது. அத்துடன் இரண்டு அரிவாள் மரபணு போகிறது. 81 பேரில் 9 பேரை மலேரியா கூடுதலாகக் கொண்டுபோனால், 18 இயல்பு மரபணு போகிறது. இரண்டுக்குப் பதினெட்டு என்பது ஒன்றுக்கு ஒன்பது. ஊரில் அவை இருந்த விகிதமும் அதுவே. ஆகவே அடுத்த தலைமுறையிலும் அதே விகிதம் நிற்கும். அந்த 18 பேருக்கும் காப்பு இல்லாதிருந்தால் அவர்களில் இருவர் இறந்திருப்பார்கள். இரண்டு உயிர் தப்பியதற்கு ஓர் உயிர் விலை; அந்த விலை முழுவதும், ஒற்றை மரபணு உள்ள இருவர் மணந்த ஒரு வீட்டின் மேல் விழுகிறது. மலேரியா அருகிப்போன ஊரில் விலை மட்டும் மிஞ்சுகிறது.

முருகேசன், திருநெல்வேலி

ஐயா, எனக்கும் இதில் ஒரு அனுபவம் உண்டு. என் மகளுக்கும் ‘ட்ரெயிட்’ என்று சொன்னார்கள். அதற்கு முன் ஓர் ஆண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 10க்கு மேல் ஏறவில்லை. அவளுக்கும் மலேரியாக் காப்பு உண்டா? அரிவாள் என்ற சொல்லே அச்சமாக இருக்கிறது. வேறு பெயர் வைக்கலாகாதா? தை மாதம் அவளுக்குத் திருமணம் பேசியிருக்கிறோம்.

மருத்துவர் இராசேந்திரன்

முருகேசன் அவர்களே, சீட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் ஏ2 என்ற இடத்தில் எவ்வளவு இருக்கிறது? அரிவாள் ஹீமோகுளோபினைக் குறிக்கும் எஸ் என்ற வரி இருக்கிறதா?

முருகேசன்

ஏ2 5.2 என்று இருக்கிறது. எஸ் என்ற வரியே இல்லை. கீழே பீட்டா தலசீமியா என்று எழுதியிருக்கிறார்கள்.

மருத்துவர் இராசேந்திரன்

அப்படியானால் அது அரிவாள் அன்று. ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் தலசீமியாவின் ஒற்றை மரபணு. அணு சிறுத்திருப்பது மரபினால். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் மாத்திரை தேவையில்லை. தலசீமியாவும் மலேரியா நிலங்களில் தங்கிப் பெருகிய மரபுதான். 1949இலேயே மரபியலாளர் ஹால்டேன் அப்படிக் கணித்தார். மகளுக்கு நோய் இல்லை, அஞ்ச வேண்டாம். ஆனால் மாப்பிள்ளைக்குக் கரைசல் சோதனை மட்டும் செய்து தெளிவாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அதில் தலசீமியா தெரியாது. எச்பிஎல்சி செய்யுங்கள்.

இந்தக் காப்புகள் ஒன்றோடொன்று கூடுவதும் இல்லை. கென்யாவின் கிலிஃபியில் பார்த்தார்கள். தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்ஃபா தலசீமியா தனியே காக்கிறது, ஒற்றை அரிவாளும் தனியே காக்கிறது. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் காப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 2005இல் வெளிவந்த முடிவு இது. கபிலன், ‘காப்பு’ என்பதைப் பெயருக்குள் வைக்க நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கபிலன்

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ‘காப்பரிவாள்’ வேண்டாம். எண்ணிக்கையைவிட வழி நன்றாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. தாய்வழி, தந்தைவழி என்று நாம் சொல்லிப் பழகியவர்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ‘ஒருவழி அரிவாள்’. இரு பக்கத்திலிருந்தும் வந்தால் ‘இருவழி அரிவாள்’. ‘நோய்’ என்ற சொல்லை இரண்டாவதோடு மட்டும் சேர்க்கலாம்.

தேவகி

‘ஒருவழி’ என்றதும் எனக்கு ஒருவழிப் பாதைதான் நினைவுக்கு வருகிறது. இன்னொரு குறையும் இருக்கிறது. தாயிடமிருந்து அரிவாளும் தகப்பனிடமிருந்து முருகேசன் அண்ணாவின் மகளுக்கு இருப்பது போன்ற தலசீமியாவும் வந்த பிள்ளை ஒன்று எங்கள் பிரிவில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஒற்றை அரிவாள். வழி பார்த்தால் ஒருவழி அரிவாள். ஆனால் வலி வந்து மாதம் ஒருமுறை வார்டில் சேர்கிறது. என் சொல்லும் கபிலன் தம்பியின் சொல்லும் அந்தப் பிள்ளையிடம் தோற்றுவிடுகின்றன.

மருத்துவர் இராசேந்திரன்

உண்மை. அதை நான் நினைக்கவில்லை. ஒருவழியில் அரிவாள், மறுவழியில் இயல்பு என்று இரண்டையும் உறுதி செய்த பிறகே அந்தப் பெயரை எழுத வேண்டும். கரைசல் சோதனையை மட்டும் வைத்து எழுதக் கூடாது.

வளர்மதி

அனைவருக்கும் நன்றி. கட்டுரையில் ‘ஒருவழி அரிவாள் மரபு’ என்று எழுதி, முதல் இடத்திலேயே ‘மறுவழி மரபணு இயல்பாக இருப்பவர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அம்மாவிடம் மீண்டும் படித்துக் காட்டினேன். “அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்திருக்கிறது, அவ்வளவுதானே” என்றார். தேவகி அக்கா சொன்ன பிள்ளைக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ‘அரிவாள்–தலசீமியா இணைவு நோய்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இணைவு என்றால் நோய் இரண்டு என்று எண்ணிவிடுவார்களோ? வெள்ளிக்கிழமைதான் கெடு.

முருகேசன்

மாப்பிள்ளை வீட்டில் பேசிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள். “அவளுக்கு நோய் இல்லை, ஒருவழி மரபு மட்டும்தான், உங்கள் பக்கத்தையும் பார்த்துக்கொள்வோம்” என்றேன். திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கிறார்.