கீசர் வாங்கியதும் கரண்ட் பில் எகிறிய கதை, உங்களுக்கும் இப்படி ஆனதா?

புதுப்பாளையத்தான், கடலூர்:
மழைக்காலம் ஆரம்பிக்கும்போது கீசர் மாட்டினோம். இரண்டு மாத ரீடிங் எடுத்தபோது எப்போதும் 310 யூனிட் வாக்கில் வருவது 420 ஆகிவிட்டது. கீசர் மேல் 2 கிலோவாட் என்று ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், ஆஹா தினமும் 2 யூனிட், 60 நாளுக்கு 120, கணக்கு சரியாகப் பொருந்துகிறதே என்று முடிவு கட்டி, வீட்டில் எல்லாரையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். மறுபடி பத்து நாள் கழித்து மீட்டரைப் பார்த்தால் ஓட்டம் பெரிதாகக் குறையவே இல்லை. கீசரே போடவில்லை, அப்புறம் எது தின்கிறது?

வில்லியனூர் வாசி:
நண்பரே, கிலோவாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1000 வாட். அதனால் 2 கிலோவாட் கீசர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும், உங்கள் கணக்கு சரிதான். அதோடு சாயங்காலம் வோல்டேஜ் கம்மி. வோல்டேஜ் குறைந்தால் பில் ஏறும், இது எங்கள் தெருவுக்கே தெரியும்.

நெல்லிக்குப்பம் பழைய லைன்மேன்:
தம்பி வில்லியனூர், பாதி சரி. கிலோவாட்டுக்குள் மணியே கிடையாது, அது இந்த நொடியில் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதுதான். பைக் ஸ்பீடாமீட்டர் முள் மாதிரி. மீட்டரில் kWh என்று ஓடுவது எத்தனை கிலோமீட்டர் ஓடினது என்கிற கணக்கு, அதைத்தான் நாம் யூனிட் என்கிறோம், அதற்குத்தான் காசு. புதுப்பாளையத்தார் கீசரை எத்தனை நிமிடம் போடுகிறார் என்று யாருமே கேட்கவில்லையே?

புதுப்பாளையத்தான்:
இருபது நிமிடம் சார், எல்லாருக்கும் சேர்த்து.

நெல்லிக்குப்பம் பழைய லைன்மேன்:
அப்போ மூன்றில் ஒரு பங்கு மணி. 2-ஐ அதால் பெருக்கினால் முக்கால் யூனிட்கூட இல்லை, இரண்டு மாதத்துக்குச் சுமார் 40. மீதி 70 வேறு எங்கோ போகிறது. மீட்டர் முகத்தில் 3200 imp/kWh என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும், 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணுங்கள்.

வோல்டேஜ் விஷயம்: 200 வோல்ட்டுக்கு இறங்கினால் அந்தக் கீசர் 2 கிலோவாட் இழுக்காது, ஒன்றரைதான் இழுக்கும். ஆனால் தண்ணீர் சூடாக இருபது நிமிடத்துக்குப் பதில் 27 நிமிடம் ஆகும், யூனிட் கிட்டத்தட்ட அதேதான். மோட்டார் கதை வேறு, அதை இதில் சேர்க்காதீர்கள்.

முத்தியால்பேட்டை அக்கா, புதுச்சேரி:
எங்கள் பில்லில் கிலோவாட்டுக்கும் காசு போடுகிறார்களே! வீட்டு லோடு எவ்வளவோ அதற்கு நிலைக்கட்டணம் என்று தனி வரி, ஆளில்லாமல் ஊருக்குப் போயிருந்த மாதமும் வந்தது. நீங்கள் ஏன் யூனிட்டை மட்டும் பேசுகிறீர்கள்?

நெல்லிக்குப்பம் பழைய லைன்மேன்:
அது நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம் என்று பதிந்த அளவு அக்கா, நிஜமாக இழுத்தது இல்லை. இவர் கேள்வி வேறு.

புதுப்பாளையத்தான்:
எண்ணிவிட்டேன். நேற்று ராத்திரி செல்போன் டார்ச்சோடு திண்ணையில் உட்கார்ந்து. எல்லாம் அணைத்தால் விளக்கு அசையவே இல்லை, ஃப்ரிட்ஜ் மட்டும் போட்டால் 5 நிமிடத்தில் 32 சிமிட்டல். அதாவது நூறில் ஒரு பங்கு யூனிட், மணிக்கு 12 பங்கு, ஆக ஃப்ரிட்ஜ் 120 வாட். இவ்வளவுதானா என்று தோன்றியது. ஒரு மணி நேரம் கழித்து எண்ணினேன், 32. விடியற்காலை எழுந்து எண்ணினேன், அப்பவும் 32.

நெல்லிக்குப்பம் பழைய லைன்மேன்:
பிடித்துவிட்டீர்கள். நல்ல ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததும் நின்று ஓய்வெடுக்கும், நீங்கள் எண்ணும்போது ஒரு தடவையாவது சிமிட்டல் அடங்கியிருக்க வேண்டும். 120 வாட் நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 2.9 யூனிட், கீசரைவிட நாலு மடங்கு! கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்.

புதுப்பாளையத்தான்:
கீழ் மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ரப்பர் மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். அம்மா இன்று வெந்நீரில் குளித்தார்.

வில்லியனூர் வாசி:
அதெல்லாம் சரி, எங்கள் தெருவில் வோல்டேஜ் குறைந்த மாதமெல்லாம் பில் ஏறியது எப்படி?

முத்தியால்பேட்டை அக்கா:
உங்கள் வீட்டில் போர் மோட்டார் இருக்கிறதா?